விலை 20 சதவீதம் ஏறியது, விற்பனை 18 சதவீதம் இறங்கியது: வரவு ஏன் குறைந்தது?

கேள்வி: இட்லி மாவு ஆட்டி, பாக்கெட் போட்டு அக்கம்பக்கத்துக் கடைகளுக்குக் கொடுக்கிறேன். உளுந்து விலை ஏறியதில் ஒரு கிலோ பாக்கெட்டுக்கு அரிசி, உளுந்து, கவர், கரண்ட் எல்லாம் சேர்ந்த அடக்கம் 24 ரூபாயிலிருந்து 28 ஆகிவிட்டது. அதனால் கடைக்குக் கொடுக்கும் விலையை 40-லிருந்து 48 ஆக்கினேன். கடைக்காரர்கள் 45-க்கு விற்றதை இப்போது 55-க்கு விற்கிறார்கள். தினம் 250 பாக்கெட் போனது, மூன்று வாரமாக 205 தான் போகிறது. 20 சதவீதம் ஏற்றி 18 சதவீதம் குறைந்தால் 2 சதவீதமாவது கூட வரவேண்டாமா? 10,000 ரூபாய் வந்த இடத்தில் 9,840 தான் வருகிறது. பழைய விலைக்கே போய்விடலாமா? (ஒரு வாசகி, ஈரோடு)

பதில்:

அன்புள்ள சகோதரி,

பழைய விலைக்குப் போகாதீர்கள். ஆனால் தினமும் எத்தனை கிலோ ஊறப்போடுகிறீர்கள் என்பதை இன்றைக்கே பாருங்கள். உங்கள் கணக்கில் ஆபத்து இருந்தால் அது அங்கேதான் இருக்கிறது. ஏன் என்று சொல்வதற்கு முன், அந்த 2 சதவீதம் எங்கே போனது என்பதைப் பார்த்துவிடுவோம்.

20-லிருந்து 18-ஐக் கழித்தது தப்பு. இரண்டும் சதவீதம்தான், ஆனால் ஒரே பொருளின் சதவீதம் அல்ல. ஒன்று விலையின் மேல் வந்தது, இன்னொன்று எண்ணிக்கையின் மேல் வந்தது. வரவு என்பது விலையையும் எண்ணிக்கையையும் பெருக்கி வருவது. அதனால் மாற்றத்தையும் பெருக்கித்தான் பார்க்கவேண்டும். விலை 1.20 மடங்கு ஆனது. எண்ணிக்கை 0.82 மடங்கு ஆனது. 1.20 × 0.82 = 0.984. அதாவது பழைய வரவில் 98.4 சதவீதம், 1.6 சதவீதம் குறைவு. 10,000-க்கு அது 160 ரூபாய். உங்கள் கல்லா சரியாகத்தான் இருக்கிறது.

இதை ரூபாயில் பார்த்தால் இன்னும் தெளிவாகும். 250 பாக்கெட்டுக்கும் 8 ரூபாய் கூடக் கிடைத்திருந்தால் 2,000 ரூபாய் கூடுதல் வரவு. அதுதான் நீங்கள் சொல்லும் 20 சதவீதம். ஆனால் 45 பாக்கெட் விற்கவில்லை. விற்காத பாக்கெட்டுக்கு அந்த 8 ரூபாய் எப்படி வரும்? நின்றுபோன ஒவ்வொரு பாக்கெட்டும் பழைய 40 ரூபாயை மட்டுமல்ல, புதிதாக ஏற்றிய 8 ரூபாயையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போகிறது. 45 × 48 = 2,160. வந்தது 2,000, போனது 2,160. மீதி 160 ரூபாய் துண்டு.

நேராகக் கழித்தவர்கள் விட்டுவிடுவது இந்த 45 × 8 = 360 ரூபாயைத்தான். 10,000-க்கு அது 3.6 சதவீதம். இருபதில் பதினெட்டு சதவீதம் என்று போட்டாலும் அதே 3.6 வரும். நீங்கள் எதிர்பார்த்த 2 சதவீதத்திலிருந்து இந்த 3.6-ஐக் கழித்தால், 1.6 குறைவு என்று வந்து நிற்கிறது. மாற்றம் சின்னதாக இருக்கும்போது இந்தத் தப்பு கண்ணுக்குத் தெரியாது. விலை 2 சதவீதம் ஏறி விற்பனை 1 சதவீதம் இறங்கினால், கழித்தால் 1, பெருக்கினால் 0.98. யாரும் கவனிக்கமாட்டார்கள். மாவு, டீ, சாப்பாடு போன்ற தொழில்களில் விலை வருஷக்கணக்கில் அப்படியே நின்று, ஏறும்போது ஒரேயடியாக 15, 20 சதவீதம் ஏறுகிறது. அப்போதுதான் இது கடிக்கிறது.

எவ்வளவு விற்பனை குறைந்தால் வரவு அப்படியே நிற்கும் என்பதற்கு ஒரு எளிய வழி உண்டு. ஏற்றிய சதவீதத்தை, நூறும் அதுவும் சேர்ந்த எண்ணால் வகுங்கள். 20 ஏற்றினால் 20 ÷ 120, அதாவது 16.67 சதவீதம். உங்கள் 250-ல் அது 41 பாக்கெட் சொச்சம். 209 பாக்கெட் போயிருந்தால் பழைய 10,000-ஐத் தாண்டியிருக்கும். 205 போனதால் தாண்டவில்லை. 25 சதவீதம் ஏற்றுகிறவர் 20 சதவீதக் குறைவைத் தாங்கலாம், 50 சதவீதம் ஏற்றுகிறவர் 33 சதவீதத்தைத் தாங்கலாம். தாங்கும் அளவு, ஏற்றிய அளவைவிட எப்போதும் சிறியது.

வரவுக் கணக்கு இத்தோடு முடிந்தது. ஆனால் உங்கள் முடிவை வரவை வைத்து எடுக்கக்கூடாது என்பதுதான் நான் சொல்ல வருவது.

ஒரு பாக்கெட் விற்காவிட்டால் 48 ரூபாய் வரவு நிற்கிறது, உண்மைதான். கூடவே அந்தப் பாக்கெட்டுக்கு வேண்டிய அரிசியும் உளுந்தும் கவரும் வாங்கவேண்டிய தேவையும் நிற்கிறது. அது 28 ரூபாய். நீங்கள் உண்மையில் இழப்பது 20 ரூபாய்தான். ஆகவே பார்க்கவேண்டியது ஒவ்வொரு பாக்கெட்டிலும் அடக்கம் போகக் கையில் நிற்கும் தொகை. வாடகை, உதவிக்கு வரும் அம்மாவின் சம்பளம், கிரைண்டர் தவணை ஆகியவற்றை இதில் சேர்க்காதீர்கள். 205 போனாலும் 250 போனாலும் அவை ஒன்றுதான், இந்த முடிவை அவை மாற்றாது.

48 ரூபாய் விலையில் பாக்கெட்டுக்கு 20 ரூபாய் நிற்கிறது. 205 பாக்கெட்டுக்குத் தினம் 4,100 ரூபாய். பழைய 40 ரூபாய்க்குத் திரும்பினால் நிற்பது 16 அல்ல, 12. ஏனென்றால் அடக்கம் 24-க்குத் திரும்பப் போவதில்லை. போனவர்கள் ஒருவர் விடாமல் திரும்பி வந்து 250 பாக்கெட்டும் போனால்கூட 3,000 ரூபாய்தான். வரவு 160 ரூபாய் கூடும், கையில் நிற்பது 1,100 ரூபாய் குறையும்.

இங்கே ஒரு விஷயம். "முன்னே 10,000 வந்ததே" என்று நீங்கள் ஒப்பிடுவது உளுந்து விலை ஏறுவதற்கு முந்தைய காலத்தோடு. அந்தக் காலத்தில் பாக்கெட்டுக்கு 16 வீதம் 4,000 ரூபாய் நின்றது. அந்த 24 ரூபாய் அடக்கம் நீங்கள் என்ன விலை வைத்தாலும் இப்போது திரும்பாது. இன்றைய அடக்கத்தில் 40 ரூபாய்க்கு விற்பதா, 48 ரூபாய்க்கு விற்பதா என்பதுதான் உங்கள் முன் இருக்கும் தேர்வு. விலை ஏற்றியதால் 100 ரூபாய் முன்னேறியிருக்கிறீர்கள் என்று தோன்றலாம். ஏற்றாமல் இருந்திருந்தால் 1,000 ரூபாய் பின்தங்கியிருப்பீர்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

கையில் நிற்பதற்கும் மேலே சொன்ன மாதிரியே ஒரு எல்லை உண்டு. ஏற்றிய ரூபாயை, ஏற்றிய பிறகு பாக்கெட்டில் நிற்கும் ரூபாயால் வகுக்கவேண்டும். 8 ÷ 20, அதாவது 40 சதவீதம். 250 பாக்கெட் 150 ஆகும்வரைக்கும் 48 ரூபாய் விலை 40 ரூபாய் விலைக்குக் குறைந்ததல்ல. வரவுக்கு எல்லை 16.67, லாபத்துக்கு எல்லை 40. இந்த இரண்டுக்கும் நடுவில் 18-ல் நிற்கிறீர்கள். கல்லா குறைந்தும் லாபம் கூடுவது அதனால்தான். அடக்கம் அதிகமாகவும் லாபம் ஒல்லியாகவும் இருக்கிற தொழிலில் இந்த இடைவெளி பெரிதாக இருக்கும். ஜெராக்ஸ் கடை மாதிரி ஒரு பிரதிக்கு ஆகும் செலவு சொற்பமாக இருக்கிற தொழிலில் இரண்டு எல்லைகளும் கிட்டத்தட்ட ஒட்டிப்போய்விடும், அங்கே கல்லாவைப் பார்த்தே முடிவெடுக்கலாம். மாவுத் தொழிலில் முடியாது.

இப்போது ஊறப்போடும் கணக்குக்கு வருகிறேன். மேலே சொன்ன அத்தனையும் ஒரு நிபந்தனையின் மேல் நிற்கிறது: விற்காத 45 பாக்கெட்டை நீங்கள் ஆட்டவே இல்லை என்று வைத்துக்கொண்டேன். உங்கள் கடிதத்தில் அது இல்லை. பழக்கத்தில் அதே 250 கிலோ ஆட்டி, கடைகளுக்குப் போட்டு, 45 பாக்கெட் புளித்து ரிட்டர்ன் வருகிறது என்றால் கணக்கு தலைகீழ். 250 பாக்கெட்டுக்கும் 28 வீதம் 7,000 ரூபாய் செலவாகிவிட்டது, வரவு 9,840. நிற்பது 2,840. இது 40 ரூபாய்க்கு விற்று 250-ம் தீர்ந்திருந்தால் நிற்கும் 3,000-ஐவிடக் குறைவு. அதே விலை, அதே விற்பனை, அதே 18 சதவீதம். ஆட்டிய அளவு மட்டும் வேறு. 4,100 எங்கே, 2,840 எங்கே.

நீங்கள் எந்தப் பக்கம் இருக்கிறீர்கள் என்பதை அரிசி மூட்டையைப் பார்த்தே சொல்லிவிடலாம். ஒரு கிலோ மாவுக்கு அரிசியும் உளுந்தும் சேர்த்து ஏறக்குறைய 400 கிராம் போகும் என்று வையுங்கள். நாலுக்கு ஒன்று என்ற அளவில் போட்டால் 250 கிலோ மாவுக்கு அரிசி 80 கிலோ, உளுந்து 20 கிலோ. 205 கிலோவுக்கு அரிசி 66 கிலோவுக்குள், உளுந்து 16 கிலோ சொச்சம். உங்கள் உளுந்தின் உபரி எப்படி, தண்ணீர் எவ்வளவு விடுகிறீர்கள் என்பதைப் பொறுத்து இந்த எண் கொஞ்சம் மாறும், விகிதம் மாறாது. விலை ஏற்றிய பிறகும் மூட்டை அதே நாளில் தீர்கிறது என்றால், விற்பனைதான் குறைந்திருக்கிறது, செலவு குறையவில்லை.

எத்தனை ரிட்டர்ன் வரை பரவாயில்லை? ஒவ்வொரு ரிட்டர்னும் 28 ரூபாயைத் தின்கிறது. உங்களுக்கு 1,100 ரூபாய் இடம் இருக்கிறது. 39 பாக்கெட் வரை ரிட்டர்ன் வந்தாலும் பழைய விலையைவிட மோசமில்லை, நாற்பதைத் தொட்டால் மோசம். ஆனால் 39 என்பது எல்லைதான், அதுவரை விடலாம் என்று அர்த்தமில்லை. மாவு தீர்ந்துபோய் ஒருவர் திரும்பிப் போனால் இழப்பது 20 ரூபாய். மாவு மீந்து ஒரு பாக்கெட் திரும்பி வந்தால் இழப்பது 28 ரூபாய். ஆகவே சந்தேகம் வரும் நாளில் ஒரு பிடி குறைவாக ஊறப்போடுவதே உங்களுக்கு நல்லது. புளித்த மாவை ஊத்தப்பத்துக்கு, பணியாரத்துக்கு என்று குறைந்த விலைக்கு வாங்கிக்கொள்ளும் ஆள் இருந்தால் அந்த 28 கொஞ்சம் சிறியதாகும். ஆனால் உங்கள் வாடிக்கைக் கடையிலேயே அதைப் போடாதீர்கள், நல்ல பாக்கெட்டின் விற்பனையை அது தின்னும்.

அடுத்து அந்த 18 சதவீதத்தையே கொஞ்சம் சந்தேகப்படுங்கள். மூன்று வாரச் சராசரியை எந்த மூன்று வாரத்தோடு ஒப்பிட்டீர்கள்? சனி மாலையும் ஞாயிறு காலையும் மாவு போகிற வேகம் செவ்வாயில் இருக்காது. கோடை விடுமுறையில் பாதி வீடு ஊருக்குப் போயிருக்கும். விலை ஏற்றியதும் விடுமுறை தொடங்கியதும் ஒன்றாக வந்திருந்தால், குறைந்த 45-ல் எத்தனை விலையால், எத்தனை விடுமுறையால் என்று பிரிக்கவே முடியாது. ஞாயிறை ஞாயிறோடும் புதனைப் புதனோடும் ஒப்பிடுங்கள். போன வருஷம் இதே மாதத்துக் கணக்கு நோட்டு இருந்தால் அதை எடுங்கள். விலை ஏற்றிய புதிதில் கோபத்தில் வீட்டுக் கிரைண்டரைத் துடைத்து எடுத்தவர்களில் சிலர், ஊறப்போட்டு ஆட்டிக் கழுவும் வேலைக்குச் சலித்துத் திரும்புவார்கள். வேறு பாக்கெட்டுக்கு மாறியவர்கள் அவ்வளவு எளிதில் வரமாட்டார்கள். எனவே முதல் மூன்று வாரத்து எண் இன்னும் அசையும்.

அந்த 45 யாருடையது என்றும் பாருங்கள். கடை வாரியாகப் பிரித்தால் ஒருவேளை 30 பாக்கெட் ஒரே டிபன் கடையோ மெஸ்ஸோ வாங்கியதாக இருக்கும். அவர்கள் தட்டுக்குத் தட்டு கணக்குப் பார்ப்பவர்கள், 8 ரூபாய் ஏறினால் நின்றுவிடுவார்கள். அப்படியென்றால் வீட்டுக்கு வாங்குகிறவர்களிடம் நீங்கள் இழந்தது 220-ல் 15, ஏழு சதவீதம்கூட இல்லை. அதற்கு எல்லோருக்கும் விலையைக் குறைப்பது வீண். மெஸ்ஸுக்கு மட்டும் பாக்கெட் போடாமல் தூக்கில் ஊற்றி, கிலோ 42 என்று பேசிப் பாருங்கள். கவர் செலவும் இல்லாததால் கிலோவுக்கு 14 ரூபாய்க்குமேல் நிற்கும், 30 கிலோவுக்குத் தினம் 420 ரூபாய் கூடுதல். பாக்கெட்டாகக் கொடுத்தால் அது நாளைக்குப் பக்கத்துக் கடை அலமாரியில் வந்து நிற்கும். தூக்கில் கொடுத்தால் அந்த வம்பில்லை.

இன்னொன்று, நீங்கள் ஏற்றியது 20 சதவீதம், வாங்குகிறவர் பார்த்தது 20 அல்ல. 45 ரூபாய் 55 ஆனது அவருக்கு 22 சதவீதத்துக்கு மேல். கடைக்காரர் தம் லாபத்தை 5-லிருந்து 7 ஆக்கிக்கொண்டார். விற்பனை குறைவது அலமாரி விலையைப் பார்த்து, உங்கள் கையில் வருவது கடைக்குக் கொடுக்கும் விலையில். அவர் பழைய 5 ரூபாயிலேயே நின்றிருந்தால் வாங்குகிறவருக்கு 53 ஆகியிருக்கும். முன்கூட்டியே கட்டிய பாக்கெட்டில் எம்.ஆர்.பி. அச்சிடவேண்டும் என்பது 2011-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு (பொட்டலப் பொருட்கள்) விதிகளின்படி கட்டாயம். அதை ஒழுங்காக அச்சிட்டுவிட்டால் அலமாரி விலையை முடிவு செய்பவர் நீங்கள்தான், கடைக்காரர் அதற்குமேல் விற்க முடியாது. லாபத்தைக் குறைத்தால் சில கடைக்காரர்கள் உங்கள் பாக்கெட்டைப் பின்வரிசைக்குத் தள்ளுவார்கள். அதனால் அச்சிடும் முன் நான்கைந்து கடையில் பேசிவிடுங்கள்.

நடுவில் ஒரு விலை உண்டா என்று நீங்கள் கேட்கக்கூடும். கடைக்கு 45, அலமாரியில் 50. வாங்குகிறவருக்கு 11 சதவீத ஏற்றம்தான், சில்லறைக்கும் வசதி. பாக்கெட்டுக்கு 17 ரூபாய் நிற்கும். இன்றைய 4,100-ஐ எட்ட 242 பாக்கெட் போகவேண்டும். அதாவது இழந்த 45-ல் 37-ஐத் திரும்பப் பிடித்தால்தான் 48-க்குச் சமம். எனக்கு அது நடக்கும் என்று தோன்றவில்லை. பழைய 40-க்கே இறங்கினால் நிலைமை இன்னும் கடினம். 4,100 நிற்க 342 பாக்கெட் விற்கவேண்டும், நீங்கள் என்றைக்கும் விற்காத எண்ணிக்கை அது. ஏற்றும்போது 20 சதவீதமாக இருந்தது இறங்கும்போது 16.67-தான், ஆனால் அதை ஈடுகட்ட விற்பனை 67 சதவீதம் ஏறவேண்டும்.

ஆகவே 48-லேயே நில்லுங்கள். நாளையிலிருந்து ஒரு நோட்டில் ஊறப்போட்ட கிலோ, கடைக்குப் போட்ட பாக்கெட், ரிட்டர்ன் இந்த மூன்றையும் கடை வாரியாக எழுதுங்கள். ஊறப்போடுவதை முதல் நாளே 210 கிலோ மாவுக்கு வேண்டிய அளவுக்கு இறக்கிவிடுங்கள், வெள்ளி இரவு மட்டும் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். இன்னும் ஐந்து வாரம் கழித்து ரிட்டர்ன் பத்துக்குக் கீழேயும் விற்பனை 190-க்கு மேலேயும் இருந்தால் விலையைத் தொடவே வேண்டாம். விற்பனை 180-க்குக் கீழே இறங்கிக்கொண்டே போனால் அப்போது 45 ரூபாய் விலையை இரண்டு கடையில் மட்டும் வைத்துப் பாருங்கள். ஒரே தெருவில் இருக்கும் இரண்டு கடையாக எடுக்காதீர்கள். ஒரு கடையில் குறைத்தால் பக்கத்துக் கடையின் ஆட்களே அங்கே வந்து வாங்குவார்கள், விற்பனை ஏறியது போலத் தெரியும், மொத்தம் ஏறியிருக்காது.